குழந்தைக்கு முடி இறக்கும்போது "புது பிளேடா?" என்று கேட்டால் மட்டும் போதாது

சுங்கை சோ: ரவாங்கிற்கும் செரண்டாவிற்கும் இடையில் உள்ள சுங்கை சோவிலும், கோலசிலாங்கூர் வரை பரந்து கிடக்கும் வட சிலாங்கூர் தோட்டங்களிலும், குழந்தைக்கு முதல் முடி இறக்குவது பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில் நடக்கிறது. ஒன்று, தீட்டுக் கழியும் முப்பதாம் நாளை ஒட்டி வீட்டில். மற்றொன்று, வேண்டுதலை நிறைவேற்ற ஒன்பதாம் அல்லது பதினொன்றாம் மாதத்தில் கோவிலில். இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தக் கோவில் பத்துமலைதான்.

இரண்டு இடங்களிலும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "அண்ணே, புது பிளேடுதானே?" "ஆமாம்" என்று பதில் வந்ததும் குழந்தையை மடியில் உட்கார வைத்து விடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் தொற்று பிளேடால் மட்டும் வருவதில்லை. பிளேடைப் பிடிக்கும் கத்திப்பிடி, முடி இறக்கிய பின் தேய்க்கும் படிகாரக் கட்டி, தலையை நனைக்கும் தண்ணீர், கடைசியில் பூசும் சந்தனம் ஆகிய நான்கின் வழியாகவும் அது வரலாம்.

கண்ணுக்குத் தெரியாத கீறல்

முடி இறக்கிய தலையில் ரத்தம் தெரியவில்லை என்றால் காயமே இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில், பிளேடு தோலை ஒட்டிப் போகும்போது மேல்தோலையும் மிக மெல்லிய அளவில் சீவி விடுகிறது. கண்ணுக்குப் புலப்படாத சின்னஞ்சிறு கீறல்கள் தலை முழுவதும் உண்டாகின்றன. கிருமி உள்ளே போக அவை போதும்.

மருத்துவமனைகள் இதை வேறு வழியில் கற்றுக்கொண்டன. முன்பெல்லாம் அறுவை சிகிச்சைக்கு முன் அந்த இடத்து முடியைப் பிளேடால் மழிப்பது வழக்கமாக இருந்தது. மழித்தவர்களுக்கே அறுவைக் காயத்தில் சீழ் பிடிப்பது அதிகம் என்று பின்னர் தெரியவந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் அறுவைக்கு முன் பிளேடால் மழிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறது. முடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் டிரிம்மரால் எடுக்க வேண்டும் என்பது 2016-இல் அது வெளியிட்ட வழிகாட்டியில் உள்ளது. சுத்தமான அறுவைக் கூடத்துக்கே இந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது என்றால், கூட்டம் நிறைந்த கோவில் மண்டபத்தில் எவ்வளவு கவனம் வேண்டும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு வகைத் தொற்று

முதல் வகை, தோலில் வாழும் பாக்டீரியாவால் வருவது. இது நம் கையிலும், குழந்தையின் தலையிலும், துண்டிலும் எப்போதும் இருக்கிறது. கீறலுக்குள் புகுந்தால் மயிர்க்கால்களில் சின்னக் கொப்புளங்கள் வரும், அல்லது மஞ்சள் பொருக்கு தட்டிய புண் வரும். சில சமயம் தோலுக்கு அடியில் பரவிச் சிவந்து வீங்கும். இது இரண்டு மூன்று நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிடும், சிகிச்சையும் உண்டு.

இரண்டாவது வகை, இன்னொருவர் ரத்தத்தின் வழியே வருவது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகிய மூன்றும் இதில் அடங்கும். பிளேடு விஷயத்தில் அதிகம் கவலைப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி. காய்ந்த ரத்தத் துளியில், உடலுக்கு வெளியே, குறைந்தது 7 நாள் வரை அந்தக் கிருமி உயிர்ப்போடு இருக்கும். துளி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. தொற்றிய பிறகும் தலையில் எந்த அடையாளமும் இருக்காது. கல்லீரல் பாதிப்பு வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாம்.

இங்கே குழந்தையின் வயது முக்கியமாகிறது. பெரியவர் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றினால், நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் அது நிரந்தர நோயாகத் தங்கும். பிறந்து ஓராண்டுக்குள் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது.

மலேசியாவில் 1989 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. இப்போதைய அட்டவணைப்படி பிறந்தவுடன் ஓர் ஊசி. பின்னர் 2, 3, 5 ஆகிய மாதங்களிலும் 18-ஆவது மாதத்திலும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதுவும் சேர்ந்தே வருகிறது. ஆகவே முப்பதாம் நாளில் பிளேடு படும் குழந்தைக்கு ஓர் ஊசிதான் முடிந்திருக்கும். பதினொன்றாம் மாதத்தில் படும் குழந்தைக்கு நான்கு ஊசிகள் முடிந்திருக்கும்.

இரண்டுக்கும் உள்ள பாதுகாப்பு ஒன்றல்ல. முப்பதாம் நாள் சடங்கை விட வேண்டியதில்லை. அன்று கத்தரிக்கோலாலோ டிரிம்மராலோ முடியை ஒட்ட எடுத்துவிட்டு, முழு மொட்டையைப் பதினொன்றாம் மாதத்துக்கு வைத்துக்கொள்வதே பாதுகாப்பான ஏற்பாடு.

அரைபிளேடும் கத்திப்பிடியும்

முடி இறக்குபவர்கள் இப்போது பழைய மடக்குக் கத்தியைத் தீட்டிப் பயன்படுத்துவதில்லை. அதே வடிவத்தில், பிளேடு மாற்றக்கூடிய பிடியைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதில் பொருந்துவது அரைபிளேடு. இருபக்கமும் கூர்மையுள்ள சாதாரண பிளேடைக் காகித உறையோடு நீளவாக்கில் ஒடித்தால் இரண்டு பாதிகள் கிடைக்கும். ஒரு பாதி ஒரு தலைக்கு, மறுபாதி அடுத்த தலைக்கு.

"புது பிளேடு" என்ற பதிலில் உள்ள சிக்கல் இதுதான். உங்கள் குழந்தைக்கு வருவது மறுபாதியாக இருக்கலாம். அது எந்தத் தலையிலும் படாதது என்பது உண்மையே. ஆனால் முந்தைய தலையை மழித்த ஈரக் கையால் எடுத்து, பெட்டியின் மேல் திறந்தபடி வைத்ததாக இருக்கலாம். உறை பிரிக்காத முழு பிளேடு ஒன்றை நீங்களே கொடுத்து, கண்முன் ஒடிக்கச் சொன்னால் அந்தச் சந்தேகம் எழாது. திருமலையில் முடி காணிக்கை செலுத்தும் கல்யாணகட்டாவில் டோக்கனோடு பிளேடையும் பக்தர் கையில் கொடுத்து அனுப்பும் முறை இருக்கிறது. பிளேடு யார் கையிலிருந்து போகிறது என்பது தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி கத்திப்பிடியில் இருக்கிறது. பிளேடைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கில் நுரையும், முடித் துணுக்கும், ரத்தமும் போய்த் தங்கும். பிளேடை மாற்றினாலும் இடுக்கு அப்படியே இருக்கும். புது பிளேடு அந்த இடுக்கில் நுழைந்து, அந்த ஈரத்தைத் தொட்டுக்கொண்டுதான் அடுத்த தலைக்குப் போகிறது.

குவளைத் தண்ணீரில் கொஞ்சம் கிருமிநாசினி ஊற்றி, பிடியை அதில் ஒரு முக்கு முக்கி எடுப்பது பல இடங்களில் காணும் காட்சி. வாசனை வரும், தண்ணீர் பால் போல மாறும், பார்ப்பதற்கு நம்பிக்கையாக இருக்கும். ஆனால் ஹெபடைடிஸ் பி கிருமியை ஒழிக்க அது போதாது. முதலில் சோப்பும் பிரஷும் கொண்டு இடுக்கைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கு இருக்கும் வரை எந்த மருந்தும் அடியில் போகாது. அதன்பின் முழு உலோகப் பிடியானால் 20 நிமிடம் கொதிநீரில் கிடக்க வேண்டும். இல்லையென்றால் 70 விழுக்காடு ஆல்கஹாலில் சில நிமிடங்கள் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். வரிசை நீண்டு நிற்கும் தைப்பூச நாளில் ஒவ்வொரு தலைக்கும் இடையில் இதைச் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் குழந்தைக்கென்று ஒரு பிடியைத் தனியாக வாங்கிவிடுவதே எளிது. முடிதிருத்தும் பொருள் விற்கும் கடைகளில் அது கிடைக்கும்.

படிகாரக் கட்டியையும் மறந்துவிடக் கூடாது. கீறிய இடத்தில் ரத்தத்தை நிறுத்த அதை ஈரப்படுத்தித் தேய்ப்பார்கள். ஒரே கட்டி ஒருநாளில் பல தலைகளின் கீறலில் படுகிறது. பிளேடை மாற்றியவரும் படிகாரத்தை மாற்றுவதில்லை. குழந்தைக்குப் படிகாரமே வேண்டாம். சுத்தமான காஸ் துணியால் ஐந்து முதல் பத்து நிமிடம், இடையில் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்தாலே சிறு கீறலின் ரத்தம் நின்றுவிடும்.

பத்துமலைக்குப் போகும் ஒரு குடும்பம்

சுங்கை சோவிலிருந்து ஒரு குடும்பம், பதினொரு மாதக் குழந்தைக்கு முடி இறக்கப் பத்துமலைக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். தைப்பூச நாளிலேயே இறக்க வேண்டும் என்ற வேண்டுதல் இல்லையென்றால், கூட்டம் இல்லாத சாதாரண நாளின் காலை வேளையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இறக்குபவருக்கும் அவசரம் இருக்காது, குழந்தைக்கும் வெயில் தாக்காது.

முதல்நாள் இரவே ஒரு பை தயாராக வேண்டும். உறை பிரிக்காத பிளேடு பொட்டலம் ஒன்று, கழுவிக் காய வைத்த கத்திப்பிடி, கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் இரண்டு போத்தல், குழந்தை ஷாம்பு, மருந்துக் கடையில் வாங்கிய காஸ் துணி, துவைத்த இரண்டு துண்டு, பருத்தித் தொப்பி. இவ்வளவுதான்.

புறப்படுமுன் தலையை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கொப்புளம், புண், வட்டமான படர்தாமரை, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் நாளைத் தள்ளிப்போட வேண்டும். உச்சியில் மஞ்சள் நிறப் பொருக்குப் படிந்திருந்தால் அதைப் பிளேடால் சுரண்டி எடுக்கக் கூடாது. சில நாள் குழந்தை எண்ணெய் தடவி ஊறவைத்து, மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவினால் அது தானே உதிரும். அதன்பிறகு முடி இறக்கலாம்.

கோவிலில் முதல் வேலை கை கழுவுவது. இறக்குபவரும், தலையைப் பிடிப்பவரும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நீளமான முடியை முதலில் கத்தரிக்கோலால் குறைத்துவிட்டால் பிளேடு சிக்காது. பிறகு கொண்டுவந்த தண்ணீரால் தலையை நனைத்து, ஷாம்பு நுரையோடு ஓரிரு நிமிடம் ஊற விட வேண்டும். வாளியில் எல்லாரும் கைவிட்ட தண்ணீர் வேண்டாம்.

குழந்தையின் முகம் தாய் அல்லது தாய்மாமன் நெஞ்சில் சாய்ந்திருக்க, ஒருவர் இரு கையாலும் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். பிளேடு முடி வளரும் திசையிலேயே போக வேண்டும். பெரும்பாலும் வெட்டுப்படுவது சுழியிலும், காதின் பின்புறத்திலும், பிடரிப் பள்ளத்திலும்தான். சுழியில் முடி பல திசையில் வளர்வதும், மற்ற இரண்டு இடங்களில் தோல் மடிந்திருப்பதும் காரணம். அங்கெல்லாம் தோலை விரலால் இழுத்துப் பிடித்து மெதுவாகச் செய்ய வேண்டும். உச்சிக்குழி பெரும்பாலான குழந்தைகளுக்கு 12 முதல் 18 மாதத்துக்குள்தான் மூடும். அதன்மேல் உள்ள தோலும் சவ்வும் உறுதியானவை. மெல்லப் போகும் பிளேடு உள்ளே இறங்காது, ஆனால் அங்கே அழுத்தக் கூடாது.

வழவழவென்று வர வேண்டும் என்று ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை இழுப்பதுதான் அதிகக் கீறலை உண்டாக்குகிறது. சற்றுச் சொரசொரப்பாக விட்டால் வேண்டுதலுக்குக் குறை வராது. குழந்தை துள்ளித் துடித்து அழுதால் பிளேடை எடுத்துவிட்டு, பால் கொடுத்து, அடங்கிய பிறகு தொடரலாம். அதற்காக இறக்குபவருக்குக் கூடுதல் காசு கொடுக்க நேர்ந்தாலும் அது நட்டமல்ல.

முப்பதாம் நாள் வீட்டில் டிரிம்மர் பயன்படுத்துவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரிம்மர் தோலைச் சீவாது என்றாலும், பலர் பயன்படுத்தியதாக இருந்தால் படர்தாமரை ஒட்டிக்கொள்ளும். அப்பாவின் தாடி டிரிம்மர் வேண்டாம். குழந்தைக்கென்று ஒன்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதன் தலைப்பகுதியைக் கழற்றி, பிரஷால் துடைத்து, ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாக உலர்ந்த பிறகே பயன்படுத்த வேண்டும். பிறந்து முதல் மாதத்தில் குழந்தைக்குத் தலை வழியே உடல் வெப்பம் விரைவில் இழக்கும் என்பதால், முடித்ததும் துடைத்துத் தொப்பி போட வேண்டும்.

சந்தனம் எப்போது?

முடி இறக்கியதும் தலை நிறையச் சந்தனம் பூசுவது நம் வழக்கம். குளிர்ச்சி, கிருமி வராது என்ற நம்பிக்கையும் அதில் உண்டு. சந்தனத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அதைக் குழைத்த தண்ணீரும், அதற்குள் போன கைகளும், கலந்த சாயமும்தான் கேள்வி. பெரிய கிண்ணத்தில் காலையில் குழைத்து வைத்த சந்தனத்தில் மாலை வரை எத்தனையோ கைகள் படுகின்றன. அந்த ஈரக் குழம்பு தலை முழுதும் உள்ள புதிய கீறல்களின் மேல் பல மணி நேரம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. அடியில் கொப்புளம் கிளம்பினாலும் வெளியே தெரியாது. மலிவான சந்தனத் தூளில் சேர்க்கும் நிறமும் வாசனையும் சில குழந்தைகளுக்கு அரிப்பையும் தடிப்பையும் தரும்.

இதற்கு வழி இருக்கிறது. அன்று நெற்றியில் மட்டும் சந்தனம் வைத்து, தலைக்குப் பூசுவதை இரண்டு நாள் தள்ளலாம். கீறல்கள் அதற்குள் பெரும்பாலும் மூடிவிடும். அன்றே பூச வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினால், வீட்டிலிருந்து சந்தனக்கட்டையை எடுத்துப்போய், கழுவிய கல்லில், கொதித்து ஆறிய தண்ணீர் விட்டு அப்போதே உரைத்து, மெல்லியதாகப் பூசி, வீடு திரும்பியதும் கழுவிவிடலாம். ரத்தம் வந்த இடத்தில் பூசக் கூடாது. மஞ்சளுக்கும் இதே கணக்குதான். சாம்பல், சாணச் சாம்பல், வெற்றிலைச் சாறு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. பச்சிளம் குழந்தையின் தோலில் ஐயோடின் மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் தடவக் கூடாது, அது தோல் வழியாக உடலுக்குள் போகும்.

தேங்காய் எண்ணெயும் இரண்டு நாள் காத்திருக்கலாம். வெயிலில் போனால் தொப்பியும் குடையும் போதும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெயில் கிரீம் பூசுவதைவிட நிழலில் வைத்திருப்பதே முறை.

அடுத்த ஐந்து நாள் பார்க்க வேண்டியவை

முதல் நாள் தலை லேசாகச் சிவந்திருப்பதும், மறுநாள் சற்று வறண்டு செதில் விடுவதும் இயல்பு. இவை நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம் நாளுக்குப் பிறகு சிவப்பு கூடினால் அது இயல்பு அல்ல. சந்தேகம் வந்தால் சிவப்பின் விளிம்பை ஒரு பேனாவால் மெல்லக் கோடிட்டு, சில மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் தொற்று பரவுகிறது என்று பொருள். சீழ் வைத்த கொப்புளம், தேன் நிறப் பொருக்கு, தொட்டால் சூடு, காதின் பின்னே அல்லது கழுத்தில் கட்டி ஆகியவையும் கிளினிக்கிற்குப் போக வேண்டிய அறிகுறிகள். கொப்புளத்தைக் கிள்ளி உடைக்கக் கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய ஆண்டிபயோடிக் கிரீமைப் பூசிப் பார்ப்பதும் வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து வட்டமாக முடி வளராத, செதில் உதிரும் இடம் தெரிந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. தலையில் வந்த படர்தாமரைக்கு மேல்பூச்சு மட்டும் போதாது, மருத்துவர் உட்கொள்ளும் மருந்து தருவார்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால், தலையில் எதுவும் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த வயதுக் குழந்தையானாலும் பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்ப எழுப்பச் சோர்ந்து உறங்கினாலோ, அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்திருந்தாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது. சுங்கை சோ பக்கத்துக் குடும்பங்களுக்கு செலாயாங், சுங்கை பூலோ, கோலகுபுபாரு மருத்துவமனைகளும், கோலசிலாங்கூர் பக்கம் தஞ்சோங் காராங் மருத்துவமனையும் உள்ளன.

பயன்படுத்திய பிளேடு பட்டுவிட்டால்

முடி இறக்கிய பிறகே பிளேடு பழையது என்று தெரியவந்தால் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். ரத்தத்தைப் பிதுக்கி எடுக்க முயலக் கூடாது. அன்றே குழந்தையின் தடுப்பூசிப் புத்தகத்தோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்கு எதிரான சிறப்பு ஊசி தேவைப்பட்டால், 24 மணி நேரத்துக்குள் போடுவதே சிறந்தது. ஏழு நாள் கடந்தால் அதனால் பயன் குறைவு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேண்டுமா என்பதை 72 மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். ஒரு பிளேடு கீறலால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. எந்த ஊசி தேவை, எது தேவையில்லை என்பதை மருத்துவரே சொல்வார். வெட்கப்பட்டோ, கோவிலுக்குக் கெட்ட பெயர் என்று நினைத்தோ நாளைக் கடத்தினால் அந்த நேரம் திரும்ப வராது.

மொட்டையடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பதற்காகத் திரும்பத் திரும்ப இறக்குவோரும் உண்டு. முடியின் தடிமனையும் எண்ணிக்கையையும் தீர்மானிப்பது தோலுக்கு அடியில் உள்ள வேர். பிளேடு அங்கே எட்டுவதில்லை. மழித்த முடியின் நுனி மழுங்கி இருப்பதால் தடித்ததுபோலத் தெரிகிறது. பிறந்த முடி முதல் சில மாதங்களில் தானாகவே உதிர்ந்து புது முடி வருவதும் அதே காலத்தில் நடப்பதால் மொட்டையின் பலன் என்று தோன்றுகிறது. வேண்டுதலுக்கு ஒருமுறை இறக்கினால் போதும். அடர்த்திக்காக மீண்டும் ஒருமுறை குழந்தையின் தலையில் பிளேடு வைக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.